கோபன்ஹேகனில் ஒரே ஒரு மின் அதிர்ச்சி: எரிக்சன் விழுந்த மாலையும் கை விலகும் நொடிகளும்

2021 ஜூன் 12. யூரோ கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் கோபன்ஹேகனின் பார்கன் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடிய இன்னும் சில நிமிடங்கள். கோட்டுக்கு வெளியிலிருந்து எறியப்பட்ட பந்தை வாங்க ஓடிவந்த 29 வயது கிறிஸ்டியன் எரிக்சன், யாரும் மோதாமலே முன்பக்கமாகச் சரிந்தார். நடுவர் ஆன்டனி டெய்லர் உடனே ஆட்டத்தை நிறுத்தி மருத்துவக் குழுவை அழைத்தார்.

அடுத்த ஒரு நிமிடத்தில் நடந்ததுதான் இந்த நிகழ்வில் நாம் உற்றுப் பார்க்க வேண்டிய இடம். டென்மார்க் அணி மருத்துவர் மார்ட்டன் போசன் அருகில் வந்தபோது எரிக்சன் ஒருக்களித்துக் கிடந்தார். மூச்சு இருந்தது, நாடித்துடிப்பும் கைக்குத் தட்டுப்பட்டது. பிறகு திடீரென்று நிலைமை மாறியது. உடனே மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். ஏ.இ.டி. வகை அதிர்வு நீக்கிக் கருவியை ஒட்டி ஒரே ஒரு அதிர்ச்சி கொடுத்ததும் இதயம் திரும்பியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே அவர் பேசினார்.

இதைப் பெரும்பாலானோர் கருவியின் வெற்றியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். அது பாதிக்கதை. கருவி வேலை செய்யும் நிலையில் இதயத்தை வைத்திருந்தது அதற்கு முந்தைய அழுத்தம். அந்த அழுத்தம் எவ்வளவு ஆழமாக, எந்த வேகத்தில், எத்தனை நொடி விடுபடாமல் நடந்தது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

மூச்சு இருக்கிறதே என்ற ஏமாற்றம்

மருத்துவருக்கே முதலில் மூச்சு தெரிந்தது. பஸ் நிலையத்தில் நிற்கும் நமக்கு இன்னும் குழப்பமாக இருக்கும். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலர் மீன் தரையில் வாய் பிளப்பதுபோல விட்டுவிட்டு இழுப்பார்கள். தொண்டையில் குறட்டை போன்ற ஒரு சத்தம் வரும். இது மூச்சு அல்ல. மூளைத்தண்டு கடைசியாகத் தரும் உதறல் அது. சிலருக்கு விழுந்தவுடன் கைகால் சில நொடிகள் வெட்டி இழுக்கும். உடனே கூட்டத்தில் யாராவது "ஃபிட்ஸ்" என்று சொல்லிச் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், இன்னொருவர் முகத்தில் சோடா அடிப்பார். இப்படி இரண்டு நிமிடம் போய்விடும்.

ஆகவே பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். தோளைப் பிடித்துக் குலுக்கி உரக்கக் கூப்பிட்டால் பதில் இல்லை. மார்பும் வயிறும் சீராக ஏறி இறங்கவில்லை. இதற்குப் பத்து நொடிக்கு மேல் எடுக்கக் கூடாது. நாடி பார்க்க வேண்டாம். பழகாத விரலுக்குப் பதற்றத்தில் தன் துடிப்பே தெரியும். சந்தேகமாக இருந்தால் அழுத்தத் தொடங்கிவிடலாம். இதயம் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவரைத் தவறுதலாக அழுத்திவிட்டால் பெரும்பாலும் மார்பு வலியோடு போகும், அவரே முனகி உங்கள் கையைத் தட்டிவிடுவார். நின்ற இதயத்தை அழுத்தாமல் விட்டால், ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

கையை வைக்கும் இடம், அமுக்கும் ஆழம்

ஆள் மல்லாந்து, கெட்டியான தரையில் கிடக்க வேண்டும். கட்டிலிலோ சோபாவிலோ விழுந்திருந்தால் கீழே இறக்கிவிடுங்கள். நுரைமெத்தையில் நீங்கள் அமுக்கும் ஆழத்தில் ஒரு பங்கை மெத்தை தின்றுவிடும். உங்கள் கை ஐந்து சென்டிமீட்டர் இறங்கியதுபோல இருக்கும், மார்பு மூன்றுதான் இறங்கியிருக்கும்.

பக்கத்தில் மண்டியிட்டு, ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை, மணிக்கட்டை ஒட்டிய தடித்த இடத்தை, மார்பின் நடுவில் நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் வையுங்கள். இதயம் இடப்பக்கம் என்று நினைத்து இடது மார்பில் வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அங்கே விலா எலும்புதான் வளையும், இதயம் நசுங்காது. இன்னும் கீழே போய் வயிற்றின் மேட்டில் வைத்தாலும் பயனில்லை, கல்லீரலுக்குக் காயம் வரலாம். முதல் கையின் மேல் இரண்டாவது கை, விரல்கள் கோத்து மேலே தூக்கியபடி. முழங்கை மடங்கக் கூடாது. தோள் நேராகக் கைக்கு மேலே வரும்படி முன்னால் சாயுங்கள். புஜத்தால் அமுக்கினால் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடுவீர்கள். இடுப்பிலிருந்து மேலுடம்பின் எடையை இறக்க வேண்டும்.

ஆழம் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6-ஐத் தாண்ட வேண்டாம். இதைக் கண்ணளவில் பிடிக்கப் பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டு போதும். அதன் குறுகிய பக்கம் 5.4 சென்டிமீட்டர், சரியாக நமக்கு வேண்டிய இடைவெளிக்குள் நிற்கும் அளவு. கார்டை நெட்டுக்குத்தாகப் பிடிக்காமல் படுக்கைவாட்டில் மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். அந்த உயரம் முழுக்க ஒரு பெரியவரின் மார்பு உள்ளே போக வேண்டும் என்றால் நாம் நினைப்பதைவிட எவ்வளவு பலமாக அமுக்க வேண்டும் என்று புரியும். புதிதாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் 4 சென்டிமீட்டரிலேயே நின்றுவிடுகிறார்கள், எலும்பு முறியுமோ என்ற பயத்தில். முறியலாம். வயதானவர்களுக்கு ஓரிரு விலா எலும்போ நெஞ்செலும்போ விரிசல் விடுவது சகஜம், "டக்" என்ற ஓசை கைக்கே தெரியும். அப்போது நிறுத்த வேண்டியதில்லை. கை சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

அமுக்குவதைவிடப் பலரும் கோட்டைவிடுவது விடுவிப்பதில். ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக எழும்ப வேண்டும். இதயத் தசைக்கே ரத்தம் தரும் நாளங்கள் மார்பு தளரும் நேரத்தில்தான் நிரம்புகின்றன. காலியான இதய அறைகளுக்குள் உடம்பிலிருந்து ரத்தம் திரும்பி வருவதும் அப்போதுதான். களைத்தவர் உள்ளங்கையை மார்பின் மேல் சாய்த்தே வைத்திருப்பார். மேலே இருந்து பார்க்கிறவருக்கு அமுக்குவது போலவே தெரியும், ஆனால் உள்ளே ரத்தம் நிரம்பாது. கை தோலை விட்டுத் துள்ளவும் கூடாது, எடையும் மிச்சம் இருக்கக் கூடாது. கை தொட்டுக்கொண்டிருக்கும், பாரம் மட்டும் போயிருக்கும்.

வேகமும் தமிழ் எண்ணிக்கையும்

நிமிடத்துக்கு 100 முதல் 120. பத்து நொடியில் 17 முதல் 20 அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சரிபார்க்கலாம். 120-ஐத் தாண்டினால் ஆழம் தானாகக் குறைகிறது, மார்பு எழும்ப நேரமும் இல்லை. பதற்றத்தில் முதல் நிமிடம் 140 வரை ஓடி, மூன்றாம் நிமிடம் 90-க்கு விழுவதுதான் வழக்கமான படம்.

எண்ணிக்கொண்டே அமுக்குங்கள் என்பார்கள். ஆங்கிலப் பாடத்தை அப்படியே கொண்டுவந்து தமிழில் முப்பது வரை எண்ணச் சொன்னால் ஒரு சிக்கல் வரும். "ஐந்து", "ஆறு" எல்லாம் ஓர் அழுத்தத்துக்குள் அடங்கும். "பதினேழு", "இருபத்தி மூன்று" அடங்காது. சொல் நீள நீள கையும் அதோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு போகும். பதினொன்றைத் தாண்டியதும் வேகம் தொய்வதைப் பொம்மையில் பயிற்சி எடுக்கும்போதே பார்த்துவிடலாம். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. போனில் தாளம் காட்டும் செயலி இருந்தால் 110-இல் வைத்து ஸ்பீக்கரில் விடலாம். அதைத் தேடுவதற்காக அமுக்கும் கையை எடுப்பதைவிட வாயால் எண்ணுவதே மேல்.

வாய்வழி மூச்சு ஏன் வேண்டாம், எப்போது வேண்டும்

திடீரென்று விழும் பெரியவர் ஒரு நொடி முன்புவரை நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவர். அவர் ரத்தத்தில் சில நிமிடங்களுக்குப் போதுமான ஆக்ஸிஜன் இருக்கிறது. பற்றாமல் இருப்பது அதைத் தள்ளும் விசை. அந்த விசை உடனே உருவாவதில்லை. தொடர்ந்து அமுக்க அமுக்கத்தான் இதயத் தசைக்கான அழுத்தம் படிப்படியாக ஏறும். கை விலகியதும் அது சில நொடிகளில் சரிந்துவிடும், மறுபடி ஏற்றப் பல அழுத்தங்கள் வேண்டும். அடிபம்பை நிறுத்திவிட்டால் மறுபடி தண்ணீர் ஏற நாலு அடி அடிக்க வேண்டியிருக்கிறதே, அதே கதை. பழகாதவர் மூச்சு ஊத முயன்றால் ஒவ்வொரு முறையும் பதினைந்து நொடிவரை மார்பு சும்மா கிடக்கும். 2010-இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், ஒன்று ஸ்வீடனிலும் மற்றது அமெரிக்காவிலும் லண்டனிலும் நடந்தது, போனில் வழிகாட்டப்பட்ட பொதுமக்கள் வெறும் அழுத்தம் கொடுத்தபோது பிழைத்தவர்களுக்கும் மூச்சும் சேர்த்துக் கொடுத்தபோது பிழைத்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தியாவிலும் மயக்கமருந்து மருத்துவர்கள் 2017-இல் பொதுமக்களுக்கென வகுத்த முறை அழுத்தத்தை மட்டுமே வைத்தது.

இதற்கு எல்லை உண்டு. கிணற்றிலோ கடலிலோ மூழ்கியவர், தூக்கில் தொங்கியவர், தொண்டையில் உணவு அடைத்தவர், சிறு குழந்தைகள்: இவர்களுக்கு முதலில் தீர்ந்தது ஆக்ஸிஜன், பிறகுதான் இதயம் நின்றது. இவர்களுக்கு மூச்சும் வேண்டும். மூச்சு ஊதத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அழுத்தம் மட்டுமாவது கொடுக்க வேண்டும்.

கருவி என்ன செய்கிறது, என்ன செய்யாது

எரிக்சனுக்குப் பயன்பட்டதுபோன்ற கருவி நின்றுபோன இதயத்தைத் தட்டி எழுப்புவது அல்ல. சினிமாவில் நேர்கோடு ஓடும் திரையைப் பார்த்து மின்சாரம் வைப்பார்கள், அது தவறு. திடீர் மரணங்களில் பலவற்றில் இதயத்தின் கீழறைகள் ஒழுங்கற்று நடுங்குகின்றன. மின்சாரம் ஓடுகிறது, ஆனால் ஒருங்கிணைந்த துடிப்பு இல்லை. அதிர்ச்சி அந்த நடுக்கத்தை ஒரே கணத்தில் அணைக்கிறது, பிறகு இதயத்தின் இயற்கையான தாளம் தானே தொடங்க வாய்ப்புக் கொடுக்கிறது. நேர்கோட்டுக்கு அது உதவாது, கருவியும் அதிர்ச்சி தராது. அழுத்தம் இல்லாமல் போனால் நடுக்கம் சில நிமிடங்களில் தளர்ந்து நேர்கோடாகிவிடும். அழுத்தம் அந்தச் சில நிமிடங்களை நீட்டிக்கொடுக்கிறது.

பொது இடத்துக் கருவியைப் பழகாதவர்கள் இயக்கலாமா என்பதற்குச் சிகாகோ விமான நிலையங்கள் பதில் சொல்லின. 1999 ஜூன் முதல் இரண்டு ஆண்டுகள், ஓஹேர் உட்பட அங்குள்ள விமான நிலையங்களில் வேகமாக நடந்தால் 60 முதல் 90 நொடியில் எட்டும்படி கருவிகளை மாட்டிவைத்தார்கள். அடிபட்டதால் அல்லாமல் இதயம் நின்றவர்கள் 21 பேர், அதில் 18 பேருக்கு நடுக்கம். 11 பேர் மீண்டார்கள். அந்த 11 பேரைக் காப்பாற்றியவர்களில் 6 பேருக்குக் கருவியில் பயிற்சியோ அனுபவமோ இல்லை, அந்த 6 பேரில் 3 பேர் மருத்துவம் படித்தவர்கள் என்றாலும். ஐந்து நிமிடத்துக்குள் கருவி வராத 4 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதே வீழ்ச்சி, இரண்டு பேர் மட்டும்

மைதானத்தில் மருத்துவர்கள் சுற்றி நின்றார்கள். இதையே நம் ஊர் அடுக்குமாடியின் பாட்மின்டன் கூடத்துக்கு மாற்றிக் கணக்குப் பார்ப்போம். இது கற்பனைக் கணக்கு. ஐம்பது வயதுக்காரர் விழுகிறார், பக்கத்தில் இருவர். கருவி காவலர் அறையில், ஓடிப்போக 90 நொடி.

பத்தாவது நொடியில் மூச்சில்லை என்று தெரிந்தாயிற்று. ஒருவர் கருவிக்கு ஓடுகிறார். மற்றவர் போனில் 108-ஐ அழுத்தி (இலங்கையில் 1990), ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைக்கிறார், முகவரி சொல்லிக்கொண்டே 25-ஆம் நொடியில் முதல் அழுத்தம். தனியாக இருந்து கருவி கண்ணுக்கெட்டாத இடத்தில் இருந்தால் அதைத் தேடிப் போகக் கூடாது. போன் பேசிவிட்டு அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்று நிமிடம் பத்தாவது நொடியில் கருவி வருகிறது. அமுக்குபவர் கையை எடுக்கவில்லை. வந்தவர் முதலில் கருவியை ஆன் செய்கிறார். சில மாடல்களில் மூடியைத் திறந்தாலே பேசத் தொடங்கும். உள்ளே இருக்கும் கத்தரியால் பனியனைக் கிழிக்கிறார். வியர்வையைத் துண்டால் துடைக்கிறார்; சந்தனம், எண்ணெய், தைலம் இருந்தாலும் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒட்டாது. ஒரு ஒட்டுத்தகடு வலது காறை எலும்புக்குக் கீழே. மற்றது இடது அக்குளுக்குக் கீழே, விலாப்பக்கத்தில். இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் மார்புக் காம்புக்கு அருகே முன்னால் ஒட்டிவிடுகிறார்கள். அப்போது மின்சாரம் இதயத்தின் குறுக்கே போகாமல் மேலோட்டமாகப் போய்விடும். பக்கவாட்டில், கை தொங்கும்போது உரசும் இடம் என்று நினைவில் கொண்டால் போதும். பெண்களுக்கு உள்ளாடையை வெட்டி விலக்கலாம், தகடு மார்பகத்துக்கு மேல் இல்லாமல் அதன் கீழ்ப்பக்கமாக, விலாவில். தாலிக்கொடி, சங்கிலி கழற்ற வேண்டியதில்லை. தகட்டின் அடியில் வராதபடி ஒதுக்கினால் போதும். தோலுக்குக் கீழே சின்னப் பெட்டி போல மேடு தெரிந்தால் அது பேஸ்மேக்கர், அதன் மேல் ஒட்டாமல் சற்று நகர்த்துங்கள். மார்பில் ரோமம் அடர்ந்திருந்து "தகட்டைச் சரிபார்" என்று கருவி திரும்பத் திரும்பச் சொன்னால், உள்ளே உள்ள ரேசரால் அந்த இடத்தை மட்டும் இரண்டு இழுப்பு.

மூன்று நிமிடம் நாற்பதில் கருவி "யாரும் தொடாதீர்கள்" என்கிறது. இங்கே கை விலகித்தான் ஆக வேண்டும். அசைவு இருந்தால் கருவிக்குத் தாளம் குழம்பும். பத்து நொடி போல. "அதிர்ச்சி தேவை" என்றதும் இயக்குபவர் சுற்றிப் பார்த்து "தள்ளுங்க" என்று கத்தி, மின்னும் பொத்தானை அழுத்துகிறார். ஈரத் தரையா என்று பயப்படுவார்கள். மார்பு துடைத்திருந்தால் போதும், குளம்போல் தண்ணீர் நின்றால் மட்டும் இழுத்து நகர்த்த வேண்டும். உடம்பு ஒருமுறை உதறும். அடுத்த நொடியே கை மார்பில்.

இந்த அடுத்த நொடியில்தான் நன்றாகப் போன காரியம் கெடுகிறது. அதிர்ச்சி கொடுத்துவிட்டு எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள், ஒருவர் நாடி பிடிப்பார், ஒருவர் மூக்கருகே விரல் வைப்பார். நடுக்கம் நின்றாலும் பல இதயங்கள் முதல் ஒரு நிமிடம் ரத்தம் தள்ளும் பலத்தோடு துடிப்பதில்லை. அதனால் அடுத்த இரண்டு நிமிடம் அழுத்தம் தொடர வேண்டும், கருவி மறுபடி நிறுத்தச் சொல்லும்வரை. "அதிர்ச்சி தேவையில்லை" என்று சொன்னாலும் இதே விதி. உயிர் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. மின்சாரத்தால் ஆகப்போவதில்லை என்றுதான் பொருள், அமுக்க வேண்டும்.

கைமாற்றம் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை. களைப்பு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம், ஆழம் குறைவது அமுக்குபவருக்குத் தெரியவே தெரியாது. அடுத்தவர் எதிர்ப்பக்கம் மண்டியிட்டுக் கையை ஆயத்தமாக வைத்திருந்தால் ஐந்து நொடியில் மாறிவிடலாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஆறாவது நிமிடம்வரை முதல் அழுத்தத்திலிருந்து 335 நொடி. கைமாற்றத்துக்கு 5, தாளம் பார்க்க 10, அதிர்ச்சிக்கு 5, இரண்டாம் முறை தாளம் பார்க்க 10. மொத்தம் 30 நொடிதான் மார்பு சும்மா இருந்தது. ஏறத்தாழ 90 சதவீதம் நேரம் கை வேலை செய்தது. தகடு ஒட்டும்போது 40 நொடி எடுத்துவிட்டு, அதிர்ச்சிக்குப் பின் 30 நொடி முகம் பார்த்துவிட்டு, கைமாற்றத்தில் 15 நொடி தடுமாறினால் அந்த 30, 110 ஆகிவிடும். வேறு எந்தப் பிழையும் செய்யாமலே மூன்றில் ஒரு பங்கு நேரம் போயிற்று.

கருவியே கைவிடும் இடம்

காவலர் அறைக் கருவியில் பச்சை விளக்கோ சரி என்ற குறியோ தினமும் தெரிய வேண்டும். சிவப்போ விட்டுவிட்டு வரும் பீப் ஒலியோ இருந்தால் பாட்டரி அல்லது தகடு பழுது. தகட்டில் ஜெல் உண்டு, அதற்குக் காலாவதித் தேதி உறையில் அச்சாகியிருக்கும். வெயிலடிக்கும் சுவரிலோ மூடிய காரிலோ வைத்தால் அந்தத் தேதிக்கு முன்பே காய்ந்துவிடும். இன்னொன்று, பெட்டியைப் பூட்டிச் சாவியை மேலாளர் கொண்டுபோவது. திருட்டுக்குப் பயந்து செய்வதுதான். 90 நொடித் தொலைவு அப்போது மேலாளர் வீட்டுத் தொலைவாகிவிடும்.

கண் திறந்த பிறகு

அவர் அசைந்து, கண் விழித்து, சீராக மூச்சுவிட்டால் மட்டுமே அழுத்தத்தை நிறுத்தலாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தகடுகளைப் பிய்க்காதீர்கள், கருவியையும் அணைக்காதீர்கள். எரிக்சன் விஷயத்தில் மூச்சும் நாடியும் இருந்து ஒரு நொடியில் மறைந்தன; மீண்டவருக்கும் அதே நடுக்கம் திரும்ப வரலாம், கருவி ஒட்டியபடி இருந்தால் உடனே கண்டுகொள்ளும். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்ததும் சொல்ல வேண்டியது மூன்று: எப்போது விழுந்தார், எப்போது அமுக்கத் தொடங்கினீர்கள், எத்தனை அதிர்ச்சி. எரிக்சனுக்கு அந்த மூன்றாவது எண் ஒன்று. அடுத்த சில நாட்களில் அவர் உடம்புக்குள் நடுக்கத்தைக் கண்டு தானே அதிர்ச்சி தரும் சிறு கருவியைப் பொருத்தினார்கள். அதோடு இத்தாலிய லீக்கில் ஆட அனுமதி இல்லாததால் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு அணிக்குப் போனார். 2022 பிப்ரவரியில் மறுபடி மைதானத்தில் இறங்கினார்.